பர்ப்பிள் டீம் பயிற்சி: மறைந்திருந்து தாக்குவதா, ஒரே மேசையில் உட்காருவதா?

ஓசூர் சிப்காட் பக்கம் உள்ள நடுத்தர ஆலைகளில் ஐ.டி. ஏற்பாடு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே இரண்டு மூன்று பேர். லாக் பதிவுகளைப் பார்த்து அலாரம் கொடுக்கும் வேலையைப் பெங்களூரில் உள்ள ஒரு கண்காணிப்பு மையம் மாதக் கட்டணத்துக்குச் செய்யும். வாகன நிறுவனங்களுக்கு உதிரிபாகம் கொடுக்கும் ஆலை என்றால், வாங்குபவரின் தணிக்கைத் தாளில் 'தாக்குதல் நடந்தால் கண்டுபிடிப்பீர்களா, அதை எப்படிச் சோதித்தீர்கள்?' என்று ஒரு கேள்வி வந்து நிற்கும். அதற்குப் பிறகுதான் பர்ப்பிள் டீம் பேச்சே தொடங்கும். தாக்குபவர் ரெட் டீம், காப்பவர் ப்ளூ டீம். இரு தரப்பும் தாங்கள் கண்டதை உடனுக்குடன் பகிர்ந்து, கண்டறியும் திறனைப் படிப்படியாக உயர்த்துவது பர்ப்பிள். தனியாக அப்படி ஒரு அணி வேண்டியதில்லை. இருக்கிற ஆட்கள் வேலை செய்யும் முறையை மாற்றினால் போதும்.

அதை நடத்த மூன்று வழிகள் பேச்சில் வரும். ஒன்று, வெளியிலிருந்து ஒரு ரெட் டீமை அழைத்து, கண்காணிப்பு மையத்துக்குச் சொல்லாமல் சில வாரம் தாக்கவிட்டு, அறிக்கை வந்த பிறகு எல்லோரும் கூடிப் பேசுவது. இரண்டு, தாக்குபவரும் காப்பவரும் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு தாக்குதல் நுட்பமாக எடுத்து, ஓட்டிப் பார்த்து, அங்கேயே சரிசெய்து, திரும்ப ஓட்டுவது. மூன்று, அட்டாமிக் ரெட் டீம், கால்டெரா போன்ற இலவசக் கருவிகளைக் கொண்டு தாக்குதல்களைத் தானாக ஓடவிட்டு, எதற்கு அலாரம் அடித்தது என்று பார்ப்பது.

விலையை வைத்தோ, எது உண்மைத் தாக்குதல் போல இருக்கிறது என்பதை வைத்தோதான் பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் வேறு ஒன்றைப் பார்ப்பேன்: ஒரு ஓட்டையைக் கண்ட பிறகு, அதை அடைத்துவிட்டு அதே தாக்குதலைத் திரும்ப ஓட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிறது? அரை மணி நேரமா, ஆறு வாரமா? கண்டறிதல் முன்னேறுவது இந்தத் திரும்ப ஓட்டும் சுற்றில்தான். ஒரே ஒரு நுட்பத்தை எடுத்து இதைக் காட்டுகிறேன்.

உள்ளே ஒரு கணினியைப் பிடித்துவிட்ட தாக்குபவர் அடுத்த கணினிக்குத் தாவும் கட்டம் அது. ரான்சம்வேர் கும்பல்கள் வழக்கமாகக் கையாளும் `psexec` என்ற கருவியை எடுத்துக்கொள்வோம். மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் நிர்வாகக் கருவி இது, நம் ஐ.டி. ஆட்களும் பயன்படுத்துவார்கள். தொலைவில் உள்ள கணினியின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஒரு சிறு நிரலைப் போட்டு, அதை ஒரு சர்வீஸாகப் பதிந்து, அதன் வழியே கட்டளையை ஓட்டும். தாக்குதல் நுட்பங்களுக்கு எண் கொடுத்துத் தொகுத்த மைட்டர் அட்டாக் பட்டியலில் சர்வீஸ் வழியாகக் கட்டளை ஓட்டுவதற்கு `T1569.002` என்று எண். இந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பது நல்லது. பெங்களூர் மையத்தோடு பேசும்போது எந்த நுட்பத்தைச் சொல்கிறோம் என்பதில் குழப்பம் வராது.

மேசையில் நான்கு பேர் வேண்டும். தாக்குபவர் ஒருவர், கண்காணிப்பு மையத்தின் ஆய்வாளர் ஒருவர் (நேரில் வர முடியாவிட்டால் திரையைப் பகிர்ந்தபடி), குறிப்பெடுக்க ஒருவர், அப்புறம் எல்லாக் கணினிகளின் அமைப்புகளையும் ஒரே இடத்திலிருந்து ஆளும் குரூப் பாலிசியை மாற்ற அதிகாரம் உள்ள விண்டோஸ் நிர்வாகி ஒருவர். பலரும் விட்டுவிடுவது இந்த நாலாவது ஆளைத்தான். அவர் இல்லாவிட்டால் ஓட்டைகள் பட்டியலாகும், எதுவும் அன்றைக்கே அடைபடாது. பிறகு அது அறிக்கைக் கூட்டம்தான், பர்ப்பிள் டீம் இல்லை.

முதல் சுற்று. சோதனைக்கென்றே ஒதுக்கிய கணினி மீது, சோதனைக்கென்றே திறந்த நிர்வாகக் கணக்கிலிருந்து, தீங்கில்லாத ஒரு கட்டளையை `psexec` ஓட்டுகிறது. கணினியின் பெயரைக் கேட்கும் கட்டளை, அவ்வளவுதான். குறிப்பெடுப்பவர் நிமிடம், நொடியோடு நேரத்தை எழுதுகிறார். திரையின் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வருகிறது: "சார், எங்க பக்கம் ஒண்ணுமே வரலைங்க."

இங்கே 'கண்டறியவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த நுட்பத்துக்குப் போகக் கூடாது. நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். அந்தக் கணினியில் பதிவு உண்டானதா? உண்டான பதிவு மையத்துக்குப் போய்ச் சேர்ந்ததா? சேர்ந்த பதிவைப் பிடிக்க விதி இருக்கிறதா? விதி அடித்த அலாரத்தை ஒரு மனிதர் பார்த்தாரா? நான்கில் எங்கே அறுந்திருக்கிறதோ அதைப் பொறுத்து வேலை மாறும். விதி எழுத வேண்டிய இடத்தில் புதிய கருவி வாங்குவதும், பதிவே வராத இடத்தில் விதி எழுதி மாய்வதும் இந்தக் கேள்விகளைத் தவிர்ப்பதால்தான்.

கணினியில் போய்ப் பார்த்தால் பதிவு இருக்கிறது. புதிய சர்வீஸ் பதியப்பட்டதைச் சொல்லும் நிகழ்வு எண் 7045. ஆனால் அது விழுவது `System` என்ற பதிவேட்டில். மையத்துக்குப் பதிவுகளை அனுப்பும் ஏஜெண்ட்டில் `Security` பதிவேடு மட்டும் டிக் ஆகியிருக்கிறது. நிறுவலின்போது செலவைக் குறைக்க இப்படிச் செய்வது சகஜம். பல மையங்கள் ஒரு நாளைக்கு எத்தனை ஜி.பி. பதிவு வருகிறது என்பதை வைத்துத்தானே கட்டணம் போடுகின்றன. `Security` பதிவேட்டிலும் இதற்கு இணையாக 4697 என்ற நிகழ்வு உண்டு. ஆனால் அதற்குரிய தணிக்கைக் கொள்கையைத் தனியாக இயக்கினால்தான் அது விழும். ஆக இரண்டு வழி: `System` பதிவேட்டிலிருந்து 7045-ஐ மட்டும் வடிகட்டி அனுப்பலாம், அல்லது கொள்கையை இயக்கி 4697-ஐப் பெறலாம். முதல் வழியில் பதிவின் அளவு கூடுவது மிகக் குறைவு, உடனே செய்யவும் முடியும். நிர்வாகி பக்கத்திலேயே இருப்பதால் பத்து நிமிட வேலை.

இரண்டாம் சுற்று. மறுபடி ஓட்டியும் ஆய்வாளர் திரையில் ஒன்றும் இல்லை. இந்த முறை பதிவு போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கிறது. பதிவுகளை நடுவில் வாங்கி அனுப்பும் சிஸ்லாக் பெட்டி இந்திய நேரத்தை மண்டலக் குறிப்பு இல்லாமல் அனுப்ப, மையம் அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. 'கடைசி 15 நிமிடம்' என்று தேடினால் எப்படி வரும்? அந்த நிகழ்வு எதிர்காலத்தில் அல்லவா உட்கார்ந்திருக்கிறது! இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் இரண்டு நிகழ்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் எந்த விதியும் இந்த ஒரு கோளாறால் வேலை செய்யாது. கணினிக் கடிகாரங்களைத் தேசிய நேரச் சேவையகங்களோடு ஒத்துவைக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவும் சொல்கிறது. கடிகாரம் சரியாக இருந்தும் மண்டலம் தவறியதால் பார்வையிலிருந்து நழுவும் பதிவை, திரும்ப ஓட்டிப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும்.

மூன்றாம் சுற்றில் விதி எழுதுகிறார்கள். 7045 நிகழ்வில் சர்வீஸ் பெயர் `PSEXESVC` என்று வந்தால் அலாரம். ஓட்டினால் அடிக்கிறது. அறையில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. தாக்குபவர் உடனே கட்டளையில் `-r` என்ற ஒரு தெரிவைச் சேர்க்கிறார்.

```
psexec.exe \\TESTPC07 -r wupdsvc cmd /c hostname
```

`-r` கொடுத்தால் சர்வீஸின் பெயரையும் கோப்பின் பெயரையும் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். அலாரம் இல்லை. பெயரைப் பிடிக்கும் விதி பெயரை மாற்றினால் செத்தது. சரி, பெயர் மாறினாலும் எது மாறாது? கோப்பு வந்து விழும் இடம். இந்தக் கருவி நிரலை நேராக விண்டோஸ் ஃபோல்டரின் அடியில் போடுகிறது. முறையான சர்வீஸ்கள் பெரும்பாலும் `System32`, `Program Files` போன்ற உள் ஃபோல்டர்களிலிருந்து ஓடும். எனவே விதியை இப்படி மாற்றுகிறார்கள்:

```yaml
title: Service Binary In Windows Root Folder
logsource:
  product: windows
  service: system
detection:
  selection:
    EventID: 7045
    ImagePath|re: '(?i)^"?(%systemroot%|c:\\windows)\\[^\\]+\.exe'
  condition: selection
```

சிக்மா வடிவத்தில் எழுதியதற்குக் காரணம் உண்டு. மையத்தின் கருவி எதுவாக இருந்தாலும் அதன் மொழிக்கு இதை மாற்றிக்கொள்ளலாம். நாளைக்கு மையத்தையே மாற்றினாலும் விதி ஆலையின் சொத்தாக இருக்கும்.

விதியைப் போட்டதும், கடந்த 30 நாள் பதிவுகள் மீது அதை ஓட்டிப் பார்க்க வேண்டும். 7045 இன்றைக்குத்தான் வரத் தொடங்கியது என்பதால் மையத்தில் பழையது இருக்காது. சில கணினிகளில் நேரடியாகத் தேட வேண்டும். அப்படித் தேடினால், ஐ.டி. பிரிவின் சொந்தக் கணக்கெடுப்புக் கருவியும் இதே போல விண்டோஸ் ஃபோல்டரில் ஒரு நிரலைப் போட்டு ஓடுவது தெரியவரும். பொய் அலாரம். எல்லோருக்கும் முதலில் தோன்றும் தீர்வு அந்தக் கருவியின் பெயருக்கு விலக்கு கொடுப்பது. ரெட் டீம் ஆள் அதே மேசையில் உட்கார்ந்திருப்பதன் அருமை அப்போதுதான் தெரியும். "அப்ப நான் அந்தப் பேரையே வச்சுக்கிறேங்க" என்பார், வைத்து ஓட்டியும் காட்டுவார். விலக்கே ஒளிந்துகொள்ளும் இடமாகிவிடும்.

கணக்கெடுப்புக் கருவி எப்போதும் ஒரே சர்வரிலிருந்துதான் வரும். ஆனால் 7045 நிகழ்வில் எங்கிருந்து வந்தார்கள் என்ற தகவல் இல்லை. அதே கணினியில், அதற்குச் சற்று முன்னால் விழுந்த 4624 உள்நுழைவு நிகழ்வை, அதிலும் நெட்வொர்க் வழியாக வந்ததைக் குறிக்கும் வகை 3-ஐச் சேர்த்துப் பார்த்தால் மூல முகவரி கிடைக்கும். அந்தச் சர்வரின் முகவரியும் அந்தச் சர்வீஸ் பெயரும் சேர்ந்து வந்தால் மட்டும் விலக்கு. இரண்டாம் சுற்றில் நேர மண்டலத்தைச் சரிசெய்ததால்தான் இந்தச் சேர்க்கை சாத்தியமாகிறது.

அடுத்து தாக்குபவர் சர்வீஸையே விட்டுவிட்டு, விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் நிர்வாக வசதியான டபிள்யூ.எம்.ஐ. வழியாக அதே கட்டளையை ஓட்டுகிறார். எண் `T1047`. இதில் 7045 விழாது. தொலைவுக் கணினியில் `WmiPrvSE.exe` என்ற நிரலின் பிள்ளையாக `cmd.exe` பிறக்கும். அதைச் சொல்லும் நிகழ்வு 4688. இது இயல்பாகப் பதியப்படுவதில்லை, தணிக்கைக் கொள்கையில் இயக்க வேண்டும். இயக்கினாலும் முழுக் கட்டளை வரி வர இன்னொரு கொள்கை தேவை. அதோடு, கணினியில் பிறக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு 4688 விழும். எல்லாக் கணினியிலும் இயக்கி மையத்துக்கு அனுப்பினால் கட்டணம் தாங்காது. எனவே முடிவெடுக்க வேண்டிய இடம் இது: சர்வர்களிலும், கணக்குப் பிரிவு, வடிவமைப்புப் பிரிவுக் கணினிகளிலும் மட்டும் இயக்கி, ஏஜெண்ட்டிலேயே வடிகட்டி அனுப்பலாம். மற்றக் கணினிகளில் இந்தத் தாவல் தெரியாது என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டு மேலே போகலாம். எங்கே குருடு என்று தெரிந்துவைத்திருப்பதும் இந்தப் பயிற்சியின் விளைச்சல்தான்.

இத்தனையும் ஒரே நுட்பமும் அதன் மாற்று வழியும்தான், அரை நாள் வேலை. இப்போது மூன்று வழிகளையும் இந்தச் சுற்றுகளின் மீது வைத்துப் பாருங்கள்.

மறைந்திருந்து தாக்கும் வழியில், முதல் சுற்றிலேயே ரெட் டீம் வெற்றி பெற்று அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும். அறிக்கையில் 'தாவல் கண்டறியப்படவில்லை' என்று ஒரு வரி வரும். பெயர் மாற்றமும், விலக்கின் ஓட்டையும், டபிள்யூ.எம்.ஐ. வழியும் வெளியே வந்திருக்காது. அவர்களுக்கு அதற்குத் தேவையே இல்லை. அறிக்கை கையில் கிடைக்கும்போது கணினியில் இருந்த பதிவும் போயிருக்கலாம். விண்டோஸ் கணினியில் `Security` பதிவேட்டின் இயல்பு அளவு 20 எம்.பி. அது நிறைந்தால் பழையதன் மேலேயே எழுதும். நெருக்கடியான சர்வரில் அது ஒரு நாள் கூடத் தாங்காது. எனவே ஏதோ ஒரு காரணத்தால் இந்த வழியைத்தான் எடுக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு கட்டளையையும் நொடி நேரத்தோடு, மூல, இலக்கு முகவரிகளோடு தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அது இல்லாமல் பிறகு கூடிப் பேசுவதில் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது.

ஆனால் மறைந்து தாக்குவதால் மட்டுமே தெரியவரும் ஒன்று உண்டு: நாலாவது கேள்வி. இரவு இரண்டு மணிக்கு அலாரம் அடித்தால் மையத்தில் யார் பார்க்கிறார்கள், ஆலையில் யாருக்குப் போன் போகிறது, அந்த எண் இன்னும் உயிரோடு இருக்கிறதா? ஒரே மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு அலாரம் எப்போது வரும் என்று முன்பே தெரியும். அதனால் அங்கே இதைச் சோதிக்கவே முடியாது. மேசை முறையை மட்டும் செய்துவிட்டு 'எங்கள் கண்டறிதல் நன்றாக இருக்கிறது' என்று தணிக்கைக்கு எழுதினால் பாதி உண்மைதான் எழுதியதாகும்.

தானியங்கி வழி மலிவு. ஆனால் முதல் முறைக்கு அது ஏமாற்றும். அட்டாமிக் ரெட் டீமின் சோதனை நிரல்கள் பிரபலமானவை, ஆன்டிவைரஸ் பலவற்றை முகம் பார்த்தே தடுத்துவிடும். திரையில் பச்சை விழும். தடுக்கப்பட்டது அந்தக் கோப்பு மட்டுமே. பின்னால் உள்ள விதி வேலை செய்கிறதா என்பது தெரியாது. குறிப்பேட்டில் 'தடுத்தது' என்பதும் 'கண்டறிந்தது' என்பதும் தனித்தனிப் பத்திகளாக இருக்க வேண்டும். தடுத்ததைக் குறித்துவிட்டு, சோதனைக் கணினியில் மட்டும் விலக்கு கொடுத்துத் திரும்ப ஓட்ட வேண்டும். இதை உட்கார்ந்து கவனிக்க ஆள் வேண்டும் என்றால் அது மேசை முறைக்கே வந்துவிடுகிறது. தானியங்கி பொருந்தும் இடம் பயிற்சிக்குப் பிறகு: எழுதிய விதிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றனவா என்று மாதம் ஒரு முறை சரிபார்க்க. ஏஜெண்ட் பதிப்பு மாறினால், யாராவது வடிகட்டியைத் தொட்டால், விதி சத்தமில்லாமல் சாகும். அதைப் பிடிக்க இதைவிட மலிவான வழி இல்லை.

எனவே ஓசூர் ஆலை போன்ற ஒன்றுக்கு என் பரிந்துரை: முதல் முறை மேசை முறை, இரண்டு நாள். நாளுக்கு இரண்டு நுட்பம், அதற்கு மேல் வேண்டாம். இருபது நுட்பங்களை ஒரே முறை ஓட்டுவதைவிட நான்கை ஐந்தைந்து முறை ஓட்டுவதில்தான் பலன். அதற்குச் சில வாரம் கழித்து ஒரு இரவு, மையத்தில் மேலாளர் ஒருவருக்கு மட்டும் சொல்லிவிட்டு, அதே நான்கு நுட்பங்களைச் சிறிய மாற்றங்களோடு மறைவாக ஓட்டிப் பார்க்கலாம். வெளியார் செலவு அந்த ஒரு இரவுக்கு மட்டும்தான்.

தொடங்குமுன் கையெழுத்து வேண்டும். உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கணினிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவில் வரும், நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவிலும் வரும்; ஊழியரே செய்தாலும் அப்படித்தான். எந்தக் கணினிகள், எந்தக் கணக்குகள், எந்தத் தேதி, யார் 'நிறுத்து' என்று சொன்னால் நிற்கும் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்க வேண்டும். இயந்திரங்களை ஓட்டும் பி.எல்.சி.களும் அவற்றின் திரைக் கணினிகளும் முழுக்க வெளியே. பழைய விண்டோஸில் ஓடும் அந்தத் திரைகள் சாதாரண ஸ்கேனுக்கே உறைந்து நிற்கக்கூடியவை. மாதக் கடைசியில் பில், டெஸ்பாட்ச் நெரிசலில் வைக்க வேண்டாம். கிருஷ்ணகிரி பக்கத்து மாங்கூழ் ஆலைகளாக இருந்தால் மே முதல் ஜூலை வரையான சீசனில் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. பயிற்சியின் நடுவே நம்முடையது அல்லாத ஒரு தடயம் தென்பட்டால் உடனே பயிற்சியை நிறுத்தி, குறிப்பேட்டோடு ஒப்பிட வேண்டும். உண்மைத் தாக்குதல் என்றால், அதைக் கவனித்த நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். நேரக் குறிப்புகள் சரியாக இருந்தால் இந்த ஒப்பீடு சில நிமிடத்தில் முடியும்.

தர்மபுரியில் ஒரே ஒரு ஐ.டி. ஆள், வெளி மையமும் இல்லை, சர்வர் இரண்டு என்ற அளவில் இருக்கும் நிறுவனத்துக்கு இந்தத் தேர்வு அப்படியே பொருந்தாது. அங்கே தாக்குபவரும் காப்பவரும் அவரே. அவர் `Wazuh` போன்ற, பதிவுகளைச் சேகரித்துக் கண்காணிக்கும் இலவசக் கருவி ஒன்றை நிறுவி, 7045 வந்து சேர்கிறதா என்ற ஒரே கேள்வியோடு தொடங்கினால் போதும். அது வந்து சேர்ந்த பிறகு, ஓசூரிலோ பெங்களூரிலோ தெரிந்த ஒருவரை ஒரு நாள் வரவழைத்து, பெயரை மாற்றி ஓட்டிப் பார்க்கச் சொல்லலாம்.